x86 கட்டளைகளை ப்ராசஸர் எப்படிப் பிரித்துப் படிக்கிறது?

"ஒரு கட்டளை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம் என்றால், அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று ப்ராசஸருக்கு எப்படித் தெரியும்?"

முன்கூட்டியே தெரியாது, அதுதான் சிக்கல். முதல் கட்டளையின் நீளம் தெரிந்தால்தான் இரண்டாவதன் தொடக்கம் தெரியும், ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும். அதனால் பல இன்டெல் சில்லுகளில் ப்ரீடிகோடர் என்ற பகுதி, 16 பைட்டுகளை மொத்தமாக எடுத்து, கட்டளை எங்கெங்கே முடிகிறது என்று முதலில் குறித்துவிடுகிறது.

```
05 78 56 34 12   add eax, 0x12345678
66 05 34 12      add ax, 0x1234
01 03            add [rbx], eax
```

முதல் இரண்டிலும் ஆப்கோடு அதே 05தான். ஆனால் முன்னால் வரும் 66, பின்னால் வரும் எண்ணை 4 பைட்டிலிருந்து 2 ஆகக் குறைத்து நீளத்தையே மாற்றிவிடுகிறது. பல இன்டெல் சில்லுகளில் ப்ரீடிகோடர் இங்கே தடுமாறி, சில சுழற்சிகளை வீணாக்கும். லினக்ஸின் perf என்ற அளவிடும் கருவியில் `ILD_STALL.LCP` எண்ணிக்கை ஏறினால் காரணம் இதுதான்.

எல்லை தெரிந்த பிறகு மொழிபெயர்ப்பு. மூன்றாவது கட்டளை வெறும் 2 பைட்தான், ஆனால் உள்ளே மைக்ரோ-ஆப் எனப்படும் நான்கு சிறு வேலைகளாகப் பிரிகிறது: நினைவகத்திலிருந்து படி, கூட்டு, எழுதவேண்டிய முகவரியைக் கணக்கிடு, மதிப்பை எழுது. இதில் படிக்கும் வேலைக்கு eax-இன் மதிப்பு தேவையே இல்லை, அதனால் eax இன்னும் தயாராகாவிட்டாலும் அது முன்கூட்டியே கிளம்பிவிடும். பிரிப்பதன் உண்மையான லாபம் இங்கேதான் என்பேன்.

அப்புறம், 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் முதல் இந்த மைக்ரோ-ஆப்கள் தனி கேஷில் சேமிக்கப்படுகின்றன. அதில் அடங்கும் லூப்புக்கு மறுபடி டிகோடு செய்யும் வேலை இல்லை.