போட்டோவை வைத்தே பிரிண்டர் வகையைச் சொல்ல முடியுமா?

கனகா: பழைய பிரிண்டர் விற்பவர் போட்டோ அனுப்பினார், 'லேசர்' என்கிறார். கருப்புப் பெட்டி, முன்னால் கீழ்த் தட்டில் கலர் படம் அச்சான தாள் இருக்கிறது. நம்பலாமா சார்?

பதில்: எனக்குச் சந்தேகம்தான். தட்டில் படம் தெரிகிறது என்றீர்களே, அதுதான் விஷயம். வீட்டு இங்க்ஜெட்டில் தாள் முன்பக்கம் கீழே, அச்சான பக்கம் மேலே தெரியும்படி வந்து நிற்கும். சாதாரண லேசரில் தாள் கீழிருந்து ஏறி, டோனர் பொடியை உருக்கி ஒட்டும் சூடான உருளைகளைத் தாண்டி, வளைந்து திரும்பி, மேல்மூடியில் இருக்கும் பள்ளத்தில் குப்புற விழும். அதனால் லேசர் போட்டோவில் பெரும்பாலும் தாளின் வெள்ளை முதுகுதான் தெரியும். பெட்டியின் ஓரத்தில் மை மட்டம் காட்டும் ஜன்னல்கள் உண்டா?

கனகா: வலப்பக்கம் நான்கு சின்ன ஜன்னல் இருக்கு சார்.

பதில்: அப்படியானால் இங்க்டேங்க், அதுவும் இங்க்ஜெட் வகைதான், பேச்சே இல்லை. வாங்குவதானால் மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாசில் செக் தாள் ஒன்றை உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள். பல மாதம் சும்மா கிடந்தால் ஹெட்டில் மை காய்ந்திருக்கும். கோடுகள் விட்டுவிட்டு வரும்.

முருகேசன்: கலர் வந்தாலே இங்க்ஜெட்தானே?

பதில்: இல்லை, கலர் லேசரும் உண்டு. நான்கு டோனர் உள்ளே இருப்பதால் ஆள் குண்டாக இருப்பார்.

பிரபு: ஓரத்தில் ஓட்டை உள்ள தாள் இருந்தால் டாட் மேட்ரிக்ஸ். இல்லாவிட்டால் வேறு ஏதோ. சரிதானே?

பதில்: முதல் பாதி சரி. வங்கியில் பாஸ்புக் போடுவதும் டாட் மேட்ரிக்ஸ்தான், அதற்கு ஓட்டை எதற்கு? பில் புத்தகக்காரர்கள் ஓட்டை ஓரத்தைக் கிழித்துவிட்டுத்தான் தருவார்கள். மிஷினைப் பாருங்கள்: பக்கவாட்டில் தாளைக் கையால் உருட்டும் குமிழ், மூடிக்கு அடியில் குறுக்கே ஓடும் ரிப்பன். தாளை நெருங்கி எடுத்த போட்டோ என்றால் எழுத்து புள்ளிபுள்ளியாக இருக்கும். கார்பன் காப்பி சேர்ந்து வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஊசி தாளில் அடித்தால்தான் அடியில் இருக்கும் தாளிலும் பதியும். மற்ற இரண்டும் அடிப்பதே இல்லை.

ஷாஜகான்: எங்கள் கடை டாட் மேட்ரிக்ஸில் அச்சு மங்குகிறது. போட்டோ போடட்டுமா?

பதில்: இங்கே பேசுவது வேறு விஷயம் பாய். இருந்தாலும், முதலில் ரிப்பனை மாற்றிப் பாருங்கள். மங்கல் போய், எழுத்துகளின் குறுக்கே ஒரே உயரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் நின்றால் ஹெட்டில் ஓர் ஊசி போயிருக்கும்.

தேவி: எங்கள் ஆபீஸ் இங்க்ஜெட் தாளைக் குப்புறத்தான் தள்ளுகிறது, ஸ்கேனருக்கு அடியில். உங்கள் விதி தப்பு!

பதில்: ஆபீஸ் மாடல்களில் அப்படியும் உண்டு, அங்கே தட்டு நமக்கு உதவாது. முன்கதவைத் திறந்து ஒரு படம் எடுங்கள். தாள் அகலத்துக்கு நீண்ட கார்ட்ரிட்ஜ் குறுக்கே கிடந்தால் அநேகமாக லேசர்.

தேவி: கதவைத் திறந்தேன், உள்ளே இன்னொரு மூடி. அதைத் தொடப் பயமாக இருக்கிறது.

பதில்: விடுங்கள். மாடல் எண்ணை அனுப்புங்கள், பார்க்கிறேன்.