எதிர் சீட்டுக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது? பால்வாடி டீச்சரிடம் கேளுங்கள்

ஓய்வுபெற்ற தபால்காரர், மதுரை: டீச்சரம்மா, ரயிலில் எதிர் சீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை. ஆசையாகக் கன்னத்தைத் தொட்டுக் கூப்பிட்டேன். வீறிட்டு அழுதுவிட்டது. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் வரும்வரை சங்கடம். இதற்கு என்னதான் முறை?

டீச்சர்: ஐயா, அந்த அழுகைக்குக் காரணம் உங்கள் முகமல்ல, அதன் வயது. ஏழெட்டு மாதத்தில் பிள்ளைகளுக்கு வேற்றுமுகம் தெரிய ஆரம்பிக்கும். முதல் பிறந்தநாளை ஒட்டி அது உச்சத்தில் இருக்கும், சில பிள்ளைகளுக்கு இரண்டு வயது தாண்டியும் நீடிக்கும். அதுவரை யார் கையை நீட்டினாலும் தாவிய குழந்தை, திடீரென்று அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். வளர்ச்சி சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம் அது.

இந்த வயதில் பிள்ளை புது ஆளைப் பார்த்ததும் அடுத்து அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா நிம்மதியாக இருந்தால் அதுவும் நிம்மதியாக இருக்கும். அம்மாவின் உடம்பு இறுகினால் இதுவும் அழத் தயாராகிவிடும். அதனால் முதலில் பேச வேண்டியது பிள்ளையிடம் இல்லை, தாயிடம்.

வைகை எக்ஸ்பிரஸில் மதுரையில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "எதுவரைக்கும்மா போறீங்க?" என்று தாயிடம் கேளுங்கள். "எக்மோர்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்தால், அவருக்குப் பேச விருப்பமில்லை. நீங்களும் பேப்பரைப் பிரிக்கலாம். "எக்மோர், நீங்க?" என்று திருப்பிக் கேட்டால் பேச்சுக்கு இடமிருக்கிறது. அப்போதும் பிள்ளையிடம் பாய வேண்டாம். தாயிடம் பேசிக்கொண்டே இருங்கள். பிள்ளை உங்களைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கும். ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, அது பார்வையைத் திருப்புவதற்கு முன் நீங்கள் திருப்பிவிடுங்கள். விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது மிரளும். திண்டுக்கல் வருவதற்குள் அது பார்க்கும் நேரம் கூடியிருக்கும்.

அப்புறம் தாயிடமே, "பாப்பா பேரு என்னம்மா?" என்று கேளுங்கள். "தாத்தா கேக்கறாங்க பாரு, பேரு சொல்லு" என்று அவர் பிள்ளையைத் திருப்பிவிட்டால் அதுதான் அனுமதி. பெயரை மட்டும் தாயே சொல்லி நிறுத்திக்கொண்டால், இன்னும் இல்லை என்று அர்த்தம்.

அனுமதி கிடைத்த பிறகும் உங்கள் இடத்தை விட்டு நகராமல், மெல்லிய குரலில், பிள்ளையிடம் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். "அட, செருப்புல வாத்து இருக்கே!" அவ்வளவுதான். கேள்வியாகக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பாரம் அதன் தலையில் விழும். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். நனைந்த பிஸ்கட்டை உங்களிடம் நீட்டினால் வாங்கி, சாப்பிடுவதுபோலப் பாவனை காட்டித் திருப்பிக் கொடுங்கள். தொட வேண்டுமென்றால் அது உங்களைத் தொடட்டும்: உள்ளங்கையை விரித்து உங்கள் முட்டிமேல் வையுங்கள். வந்து தட்டினால் தட்டட்டும், வராவிட்டால் போகட்டும்.

தலையைத் திருப்புவது, கண்ணைக் கசக்குவது, அம்மாவின் புடவையைக் கொத்தாகப் பிடிப்பது இதெல்லாம் அழுகைக்கு முன்னால் வரும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலே பேச்சை மறுபடி தாயிடம் கொண்டுபோய்விடுங்கள்.

அதே தபால்காரர்: அப்படியானால் கன்னத்தைத் தொடவே கூடாதா? எங்கள் காலத்தில் ஊரே தூக்கி வளர்த்தது.

டீச்சர்: ஊரே தூக்கியது உண்மைதான் ஐயா, ஆனால் அந்த ஊரை அந்தத் தாய்க்குத் தெரியும். ரயிலில் நீங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. கன்னம், உதடு, கை மூன்றும் வேண்டாம். பிள்ளையின் கை அடுத்த நிமிடம் வாய்க்குத்தான் போகும். கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கூடாது. நமக்கு உதட்டோரம் வரும் அக்கிப் புண் கிருமி, பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு உயிராபத்தாகலாம். நமக்கு வெறும் ஜலதோஷமாக வருவது, பச்சைக் குழந்தைக்கு மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம். தாயே உங்கள் கையில் கொடுத்தால் கையைக் கழுவிக்கொண்டு வாங்குங்கள். நீங்களாகக் கையை நீட்டி "வா வா" என்றால், மறுக்கத் தெரியாமல் தவிப்பவர் தாய்தான்.

கல்லூரி மாணவர், கோவை: குழந்தையின் உயரத்துக்கு மண்டியிட்டு, கண்ணைப் பார்த்துப் பேசினால் பயப்படாது என்று படித்தேன். அது போதும்தானே அக்கா?

டீச்சர்: பாதி சரி தம்பி. உயரத்தைக் குறைப்பது நல்லது. மேலிருந்து ஒரு பெரிய தலை குனிந்து வருவதை எந்தப் பிள்ளையும் விரும்பாது. ஆனால் நேர் எதிரே உட்கார்ந்து கண்ணையே பார்த்தால், நீங்கள் தாழ்ந்ததால் வந்த பலன் போய்விடும். சற்றுப் பக்கவாட்டில், கை நீட்டினால் எட்டாத தூரத்தில் உட்காருங்கள். முக்கியமாக, பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் போய் உட்காராதீர்கள். ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது உங்களை வேடிக்கை பார்க்கும்.

அதே மாணவர்: நன்றி அக்கா. உண்மையில் எனக்கு வேறு பயம். தனியாக வரும் ஓர் ஆண், யாருடைய குழந்தையிடமாவது பேசினாலே சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

டீச்சர்: பார்க்கத்தான் செய்வார்கள். அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. பெற்றோர் காதில் விழும்படி பேசுங்கள். "அம்மாகிட்ட சொல்லாத" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பள்ளியில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக்கொடுக்கும்போது, ரகசியம் காக்கச் சொல்லும் ஆளைப் பற்றி உடனே வீட்டில் சொல்லு என்றுதான் பழக்குகிறோம். ஜன்னலில் ஏதோ காட்டுகிறேன் என்று பெற்றோர் கண்ணிலிருந்து விலகி அழைத்துப் போகாதீர்கள்.

பாட்டி ஒருவர், திருவண்ணாமலை: என் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் கொடுப்பேன். மகள் கூடாது என்று சண்டை போடுகிறாள். நீ சொல்லும்மா.

டீச்சர்: அம்மா, இதில் நான் உங்கள் மகள் பக்கம். 2018 மே மாதம் உங்கள் மாவட்டத்தில், போளூர் பக்கம் அத்திமூரில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழியில் நின்றது. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்தேபோனார். குற்றம் அடித்தவர்களுடையதுதான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் முன்பின் தெரியாதவர் கொடுக்கும் மிட்டாய் பெற்றவர்கள் மனதில் என்ன பயத்தைக் கிளப்பும் என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உடம்பு விஷயமும் இருக்கிறது. உருண்டை மிட்டாய், முழு வேர்க்கடலை இதெல்லாம் நாலைந்து வயதுக்குள் தொண்டையில் சிக்கக்கூடியவை. சில பிள்ளைகளுக்குக் கடலையே ஒத்துக்கொள்ளாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பிள்ளைக்குக் கேட்காதபடி தாயிடம் கேளுங்கள். பிள்ளை எதிரில் மிட்டாயைக் காட்டிக்கொண்டே "கொடுக்கலாமா?" என்றால் அது கேள்வியே இல்லை, அந்தத் தாயால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சரி என்றால் அவர் கையில் கொடுங்கள். எப்போது தருவது என்று அவர் முடிவு செய்யட்டும்.

ஒரு அப்பா, ஓசூர்: என் பையனுக்கு நாலு வயசு. யாராவது பேர் கேட்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிகிறான். வணக்கம் சொல்லவைப்பது எப்படி?

டீச்சர்: இது மறுபக்கத்துக் கேள்வி சார், இருந்தாலும் சொல்கிறேன். "சொல்லு, சொல்லு, அங்கிள் கேக்கறாரு இல்ல" என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் வணக்கம் சொல்லுங்கள், அவன் பார்க்கட்டும். கிளம்பும்போது டாட்டா காட்டச் சொன்னால் பெரும்பாலும் காட்டுவான், போவது என்பதில் அவனுக்குச் சந்தோஷம். "உனக்குப் பிடிக்காமல் யாரும் உன்னைத் தொடக் கூடாது" என்று ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று இன்னொரு பக்கம் வற்புறுத்தினால் அவன் எதை நம்புவான்?

இரண்டு வயதுப் பெண்ணின் அம்மா, சென்னை: எனக்கு இந்தப் பக்கம்தான் பிரச்சினை. பஸ்ஸில் பெரியவர்கள் கன்னத்தைக் கிள்ளினால் தடுக்கத் தெரியவில்லை. இப்போதெல்லாம் "சளி பிடிச்சிருக்கு" என்று பொய் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர்: அந்தப் பொய் வேலை செய்யும், நானே சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் மகள் பேச ஆரம்பித்துவிட்டால் "சளி இல்ல" என்று அவளே காட்டிக்கொடுப்பாள். கை நீளும்போதே அவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "தொட்டா இவளுக்குப் பிடிக்காதுங்க, டாட்டா காட்டுவா பாருங்க" என்று சிரித்தபடி சொல்லுங்கள். வேண்டாம் என்றதோடு வேறு ஒன்றையும் கொடுத்துவிடுகிறீர்கள். பெரும்பாலானவர்கள் அதிலேயே திருப்தியாகிவிடுவார்கள்.

அங்கன்வாடிப் பணியாளர், தென்காசி: டீச்சர், நீங்கள் சொல்வதெல்லாம் டவுனுக்குச் சரி. எங்கள் பக்கம் "தூக்கலாமா?" என்று கேட்டால், இவ ஏன் இப்படி அந்நியமாப் பேசுறா என்று தாய்மார் வருத்தப்படுவார்கள். பிள்ளையைக் கண்டும் தூக்காமல் போனால் அதுவே குறை.

டீச்சர்: நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் ஊரில் நீங்கள் அந்நியர் இல்லையே. தடுப்பூசிக்கும் சத்துமாவுக்கும் அந்தத் தாய்மார் உங்களிடம்தானே வருகிறார்கள்?

தென்காசி: என்னை விடுங்கள், ஊருக்கு வரும் விருந்தாளிகூட அப்படித்தான் தூக்குவார்.

டீச்சர்: அப்படியானால் இதை நம் இருவரில் யாரும் தீர்த்துவைக்க முடியாது. நான் அங்கே வந்தாலும் வாயால் கேட்காமல், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவேன். மருமகள் தயங்கி, மாமியார் "தூக்குங்க, தூக்குங்க" என்றால் யார் பேச்சைக் கேட்பது என்பதற்கு எனக்கும் ஒரே பதில் இல்லை.

இளம்பெண், ஈரோடு: என்ன பேசக் கூடாது என்று சொல்லுங்களேன் அக்கா.

டீச்சர்: "கொழுகொழுன்னு இருக்கானே", "ஏன் இப்படி ஒல்லியா இருக்கா", "அம்மா கலரு வரலியே" எதுவும் வேண்டாம். திருஷ்டி பார்க்கும் வீடு என்றால் முதல் வாக்கியத்துக்கே தாய்க்கு முகம் மாறும், மற்றது இரண்டும் எல்லா வீட்டிலும் வலிக்கும். "எங்கூட வந்துடறியா? தூக்கிட்டுப் போயிடவா?" என்பதை நாம் கொஞ்சலாகச் சொல்கிறோம், மூன்று வயதுப் பிள்ளை நிஜமாக நம்பும். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் "ஒழுங்கா சாப்பிடு, இல்லேன்னா இந்த ஆன்ட்டி புடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று தாயே உங்களைக் காட்டினால், "ஐயோ, நான் புடிக்கமாட்டேன், நானும் ரயில்ல ஊருக்குத்தான் போறேன்" என்று சொல்லிவிடுங்கள். தாய் கோபிக்க மாட்டார்.

புகைப்பட ஆர்வலர், புதுச்சேரி: கடற்கரையில் குழந்தைகளைத் தூரத்திலிருந்து படமெடுத்தால் தொந்தரவு இல்லையே?

டீச்சர்: தூரம் பிரச்சினையைக் குறைக்காது, கூட்டும். எடுக்கும் முன் பெற்றோரிடம் கேளுங்கள், எங்கே போடப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டால் இயல்பான காட்சி போய்விடும் என்றால் எடுத்ததும் போய்க் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.