கோர்ஸ் முடிஞ்சு கிளியரன்ஸ் எல்லாம் குடுத்தும் கோஷன் டிப்பொசிட் காசு கணக்குக்கு வரல்ல. கேட்டா "போட்டாச்சு" எண்டுறாங்க. என்ன செய்யலாம்?

நிதிக் கிளையில போய்ச் சண்டை பிடிக்க முதல் இதை வாசிங்க. அவங்க "போட்டாச்சு" எண்டுறதும் உண்மையா இருக்கலாம், உங்களுக்கு வராததும் உண்மையா இருக்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் படிச்ச இடத்தின்ட பேரைச் சொல்லமாட்டன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் படிச்சவங்க ஊகிக்கவும் வேணாம், அங்க நல்ல மனிசரும் இருக்கிறாங்க.

நான் கட்டியிருந்தது நூலகத்துக்கு 5,000, ஆய்வுகூடத்துக்கு 5,000, விடுதிக்கு 2,500, மொத்தம் 12,500 ரூபா. "இந்தக் காசுக்கா இவ்வளவு அலைச்சல்" எண்டு எழுத வாறவங்களுக்கு: களுவாஞ்சிக்குடியில இருந்து பஸ் ஏறிப் போய் வாற பிள்ளைக்கு அது காசுதான். கிளியரன்ஸில நூலகமும் ஆய்வுகூடமும் உடன கையெழுத்து வச்சிட்டாங்க. விடுதியில வோர்டன் கட்டில், மெத்தை, திறப்பு எல்லாம் பார்த்திட்டு, எங்கட மாடியில உடைஞ்ச ரெண்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பொதுச் சேதம் எண்டு ஆளுக்கு 400 கழிச்சார். உடைச்சது ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும், அது வேற கதை. மிச்சம் 12,100. இந்தத் தொகையை ஞாபகம் வச்சிருங்க, பிறகு தேவைப்படும்.

கிளியரன்ஸ் படிவத்தோட காசு கட்டின மூலப் பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின்ட முதல் பக்கப் பிரதி எல்லாம் சேர்த்து நிதிக் கிளையில குடுத்தன். பற்றுச்சீட்டைத் துலைச்ச சிநேகிதி ஒருத்திக்குச் சமாதான நீதவானிட்ட சத்தியக்கடதாசி முடிச்சு வரச் சொன்னாங்க. அவக்கு அதோட சரி, என்னை விட முதலே காசு வந்திட்டு.

அதுக்குப் பிறகு உள்ளுக்க நடக்கிறது இதுதான். உங்கட பேருக்கு ஒரு வவுச்சர் எழுதுவாங்க. ஒருத்தர் சரிபார்த்து இன்னொருத்தர் அனுமதிப்பார். ஆனா ஒரு ஆளுக்காகத் தனியா வங்கிக்கு அனுப்பமாட்டாங்க. ஒரு தொகுதி சேரும்வரை வச்சிருந்து, பட்டியலாக்கி, வங்கிக்கு வங்கி காசு மாத்துற ஸ்லிப்ஸ் முறையில அனுப்புவாங்க. இந்த இடத்தில சில கிழமை போறது வழமை, அதில குறை சொல்ல ஒண்டுமில்ல. டிசம்பரில குடுத்தீங்களெண்டா இன்னும் இழுக்கும். கணக்கு வருசம் டிசம்பர் 31ஓட முடியிறதால, அந்த நேரம் அவசரமில்லாத வவுச்சர் எல்லாம் அடுத்த வருசத்துக்குத் தள்ளுப்படும்.

அந்தப் பட்டியலில உங்கட கதை முழுக்க ஒரு வரிதான்: நாலு இலக்க வங்கிக் கோட் (இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135), மூண்டு இலக்கக் கிளைக் கோட், கணக்கு இலக்கம், பேர், தொகை. என்ட வரியில பிழைச்சது ஒரேயொரு இலக்கம். என்ட பாஸ் புக் பழசு, மை மங்கின பிரிண்டரில அடிச்சது. அதைப் போட்டோ கொப்பி எடுத்தா 8இன்ட இடப்பக்கம் மறைஞ்சு 3 மாதிரித் தெரியும். படிவத்தில நான் கையால எழுதின 8 தெளிவா இருந்தது, பிறகு அவங்களே எடுத்துக் காட்டினாங்க. தட்டச்சு செஞ்சவர் படிவத்தைப் பார்க்காமக் கொப்பியைப் பார்த்து அடிச்சிருக்கிறார்.

அப்படி ஒரு கணக்கே இல்லாததால காசு திரும்பிட்டு. (அந்த இலக்கத்தில வேற ஆளிட கணக்கு இருந்திருந்தா இதை விடப் பெரிய கரச்சல்.) திரும்பின காசு நிறுவனத்தின்ட நடைமுறைக் கணக்கில போய் விழும். உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸும் வராது. வவுச்சரில "செலுத்தப்பட்டது" எண்டு சீல் விழுந்திருக்கும், அதைப் பார்த்துத்தான் கவுண்டரில இருக்கிறவர் "போட்டாச்சு தங்கச்சி, பேங்கில கேளுங்க" எண்டுறார். பேங்கில கேட்டா "எங்களுக்கு ஒண்டும் வரல்ல" எண்டுவாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல. மாதம் முடிஞ்சு வங்கிக் கூற்றையும் காசுப் புத்தகத்தையும் ஒப்பிட்டு வங்கி இணக்கக் கூற்று செய்யேக்குள்ளதான் "இதென்ன 12,100 திரும்பி வந்திருக்கு" எண்டு அங்க ஒருத்தர் காண்பார். அந்த வேலை பிந்தினா உங்கட காசும் பிந்தும்.

அதால "போட்டாச்சா?" எண்டு கேக்கிறதை நிப்பாட்டுங்க. வவுச்சர் இலக்கம் என்ன, வங்கிக்கு அனுப்பின திகதி என்ன, பட்டியலில என்ட கணக்கு இலக்கம் எப்படி அடிச்சிருக்கு எண்டு கேளுங்க. மூண்டாவது கேள்விக்குப் பட்டியலைத் திறக்காமப் பதில் சொல்லேலாது. நான் கேட்டோண்ண அந்த அக்கா ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினா, நான் பாஸ் புக்கைப் பக்கத்தில வச்சு ஒவ்வொரு இலக்கமா வாசிச்சன். இலக்கம் எல்லாம் சரியா இருந்தா, அனுப்பின திகதிக்குப் பிறகு வங்கிக் கூற்றில உங்கட தொகை வரவாத் திரும்பி இருக்கா எண்டு பார்க்கச் சொல்லுங்க. 12,100 மாதிரி ஒற்றைத் தொகை உடன அம்பிடும். முழுசா 12,500 எண்டா அதே தொகையில நிறையப் பேர் இருப்பாங்க, பேரையும் சேர்த்துத் தேட வேணும்.

திரும்பினது உறுதியானா பழைய வவுச்சரில திருத்தி அனுப்பமாட்டாங்க, புது வவுச்சர் எழுத வேணும். அதுக்கு உங்கட கடிதம் தேவை. என்டது நாலு வரி: பழைய வவுச்சர் இலக்கமும் திகதியும், திரும்பின தொகை, சரியான கணக்கு விபரம், கையெழுத்து. ஒரு பிரதியில திகதி முத்திரை வாங்கி வச்சுக்கொண்டன். கொப்பிக்குப் பதிலா இந்த முறை வங்கியில கணக்கை உறுதிப்படுத்திக் கடிதம் எடுத்துக் குடுத்தன். அடுத்த பட்டியலிலயே காசு வந்திட்டு.

இன்னும் கணக்கு விபரம் குடுக்காத ஆக்கள், படிவத்தில எழுதப்போற அதே இலக்கங்களுக்கு ஒரு சிநேகிதரைக் கொண்டு போன் அப்பில 100 ரூபா போடச் சொல்லிப் பாருங்க. சின்ன வயசில அம்மா திறந்து தந்த சிறுவர் கணக்கைக் குடுக்கிறவங்க முதல் அடையாள அட்டையோட வங்கிக்குப் போய் அதைப் பெரியாக்கள் கணக்கா மாத்துங்க. அப்பாட கணக்கைக் குடுத்தா அநேகமா ஏற்கமாட்டாங்க, டிப்பொசிட் உங்கட பேரில இருக்கு.

என்ட அம்மா "விடு புள்ள, போனாப் போகுது" எண்டுதான் சொன்னா. 

டிப்பொசிட்டை அப்படி விட்டிடாதீங்க. அரச நிதிப் பிரமாணம் 571இன்படி ரெண்டு வருசத்துக்கு மேல கோராமக் கிடக்கிற வைப்பை வருமானத்தில சேர்க்க வேணும், கணக்காய்வுக்காரரும் அதைத்தான் கேப்பாங்க. திரும்பி வந்த உங்கட காசும் அந்த வைப்புக்களோட சேர்ந்துதான் கிடக்கும். கடிதத்தை இந்த மாதமே குடுங்க.