அக்கார்டியனில் ஜெயிக்கவே முடியாதா?

“வணக்கம் அக்கா. பேரன் பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கும்வரை புளோக்குக்குக் கீழே கல் மேசையில் உட்கார்ந்து தனியாகச் சீட்டு ஆடுவது என் வழக்கம். அக்கார்டியன் ஆட்டத்தை மாதக்கணக்கில் ஆடிவிட்டேன், ஒருமுறைகூட ஒரே அடுக்காக முடித்ததில்லை. ஏழு எட்டு அடுக்கில் நின்றுவிடுகிறது. நான் ஆடுவதில் தப்பா, இல்லை ஆட்டமே அப்படியா? மருமகன் கோல்ஃப் ஆடச் சொல்கிறார். அதில் ஏஸ் மேல் ராஜாவை வைக்கலாம் என்றும் சொல்கிறார். அது சரியா?”
— ஈசூன் வாசகி

ஆட்டமே அப்படித்தான், தங்கச்சி. சீட்டை ஒவ்வொன்றாகத் திறந்து, அப்போதைக்கு அப்போது நகர்த்தி ஆடினால் அக்கார்டியன் நூறு ஆட்டத்தில் ஒன்று முடியும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால் ஏழு எட்டு அடுக்கில் நிற்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். ஐந்து அடுக்குக்குள் நிறுத்தினால் அதையே நல்ல ஆட்டமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் ஆட்டத்தில் திருத்திக்கொள்ள ஒன்று இருக்கக்கூடும், பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

ஆட்டம் தெரியாத மற்ற வாசகர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுகளை இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் போட வேண்டும். ஒரு சீட்டின் சின்னமோ எண்ணோ, அதற்கு இடப்பக்கம் ஒட்டி இருக்கும் சீட்டோடு ஒத்துப்போனால் அதன் மேல் தூக்கி வைக்கலாம். இடையில் இரண்டைத் தாண்டி, இடப்பக்கம் மூன்றாவதாக இருக்கும் சீட்டோடு ஒத்துப்போனாலும் வைக்கலாம். அடுக்கு முழுவதும் சேர்ந்தே நகரும், மேலே தெரியும் சீட்டு மட்டும்தான் கணக்கு. நகர்த்தியதும் நடுவில் விழும் இடைவெளியை மூடிவிட வேண்டும். 52 சீட்டும் ஒரே அடுக்கானால் வெற்றி.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். முதல் நான்கு சீட்டு இப்படி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பேட் 6, ஹார்ட்டின் ராணி, டைமண்ட் 9, ஸ்பேட் 9. முதல் மூன்றில் எதுவும் எதோடும் சேராது. நான்காவதாக வந்த ஸ்பேட் 9-க்கு மட்டும் இரண்டு வழி இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் டைமண்ட் 9 மேல் வைக்கலாம், எண் ஒத்துப்போகிறது. மூன்றாவதாக இருக்கும் ஸ்பேட் 6 மேலும் வைக்கலாம், சின்னம் ஒத்துப்போகிறது. எப்படி வைத்தாலும் மூன்று அடுக்குதான் மிஞ்சும். அதனால் “எதில் வைத்தால் என்ன?” என்று கைக்கு எட்டிய பக்கத்துச் சீட்டின் மேலேயே பலரும் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்து வரும் சீட்டு எந்தெந்தச் சீட்டைப் பார்க்கும் என்று யோசியுங்கள். அது நான்காவது இடத்தில் விழும். ஆகவே மூன்றாவது அடுக்கையும் முதல் அடுக்கையும்தான் பார்க்கும், நடுவில் உள்ள ராணியைப் பார்க்காது. பக்கத்துச் சீட்டின் மேல் வைத்திருந்தால் அந்த இரண்டு இடத்திலும் ஸ்பேட்தான் தெரியும், ஸ்பேட் 6, ஸ்பேட் 9. இன்னும் வராத 48 சீட்டில் இவற்றோடு சேரக்கூடியவை 11 ஸ்பேட், மூன்று 6, இரண்டு 9, ஆக 16. மூன்றில் ஒரு பங்குதான். ஸ்பேட் 6 மேல் வைத்திருந்தால் முதலில் ஸ்பேட் 9, மூன்றாவதில் டைமண்ட் 9 தெரியும். சேரக்கூடியவை 11 ஸ்பேட், 12 டைமண்ட், மீதி இரண்டு 9, ஆக 25. பாதிக்கும் மேல்!

அடுத்து டைமண்ட் ராணி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் போனவர்களுக்கு அது எங்கும் சேராது, நான்கு அடுக்காகிவிடும். இரண்டாவது வழியில் போனவர்களுக்கு அது டைமண்ட் 9 மேல் ஏறும். உடனே பக்கத்தில் இருக்கும் ஹார்ட்டின் ராணி மேலும் ஏறும். மிஞ்சுவது இரண்டே அடுக்கு. ஆனால் வந்தது ஹார்ட்டின் 6 என்றால் கதை தலைகீழ். முதல் வழிக்காரர்களுக்கு அது ஸ்பேட் 6 மேல் ஏறி, அதன் மேல் ஹார்ட்டின் ராணியும் ஏறி, இரண்டு அடுக்காகிவிடும். இரண்டாவது வழிக்காரர்கள் நான்கோடு நிற்பார்கள். 25-க்கு 16 என்பது உத்தரவாதம் இல்லை. ஆனால் ஓர் ஆட்டத்தில் இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் பலமுறை வரும். ஒவ்வொரு முறையும் அதிகம் உள்ள பக்கம் சாய்ந்தால் முடிவில் ஒன்றிரண்டு அடுக்காவது குறையும்.

ஆகவே நீங்கள் பழக வேண்டியது இதுதான். இரண்டு வழி இருக்கும்போது, நகர்த்திய பிறகு கடைசி அடுக்கிலும் கடைசியிலிருந்து மூன்றாவது அடுக்கிலும் வெவ்வேறு சின்னம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியும் வழியே நல்ல வழி. இரண்டிலும் தெரிந்தால், நகர்த்தியதால் இன்னொரு நகர்வு திறக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, நகர்த்த முடிகிறதே என்பதற்காக நகர்த்தியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காத்திருந்து அடுத்த சீட்டைப் பார்த்துவிட்டும் நகர்த்தலாம். அந்தப் பொறுமைதான் இந்த ஆட்டத்தில் உங்கள் கையில் இருக்கும் உண்மையான பலம்.

இந்தப் பொறுமையை முழுதாகப் பயன்படுத்த விரும்பினால், 52 சீட்டையும் முதலிலேயே திறந்து போட்டுவிட்டு, அப்புறம் நகர்த்த ஆரம்பியுங்கள். வரிசைக்கு 13 வீதம் நான்கு வரிசை போட்டு, ஒரு வரிசை முடிந்ததும் அடுத்ததன் தொடக்கத்துக்குப் போவதாக வைத்துக்கொள்ளலாம். இப்படி ஆடினால் நிலைமையே மாறிவிடும். கணினியில் அலசிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாக் கட்டுமே ஒரே அடுக்காக முடியக்கூடியதுதான். அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சீட்டுகள் எப்போதும் இடப்பக்கம்தான் போகும். அதனால் வரிசையின் கடைசிப் பகுதியில் ஒரே எண் மூன்று நான்கு இருக்கிறதா என்று தேடுங்கள். உதாரணத்துக்கு, ஜாக்கி மூன்று கடைசிப் பக்கம் இருந்தால், அவற்றின் மேல் எதையும் வைக்காமல் கடைசிவரை காப்பாற்றுங்கள். சின்னத்துக்குச் சின்னம் ஆள் இருப்பதால், முடியும் நேரத்தில் மிச்சம் இருப்பதை அள்ளிக்கொண்டு போக அவை உதவும். ஆனால் இதற்கு அரைமணி நேரம்கூட ஆகலாம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேண்டாம், வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே காற்றடித்தால் 52 சீட்டைப் பிடித்துவைப்பதும் லேசான காரியம் இல்லை.

கோல்ஃபைப் பொறுத்தவரை மருமகன் சொன்னது நல்ல யோசனை. ஓர் ஆட்டம் சில நிமிடத்தில் முடிந்துவிடும், இடமும் குறைவாகவே பிடிக்கும். ஏழு பத்தி, பத்திக்கு ஐந்து சீட்டு, எல்லாம் முகம் தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்று சற்று விலக்கிப் போட வேண்டும். 35 சீட்டு போக மீதி 17. அதில் ஒன்றைத் திறந்து வைத்தால் கையில் 16. திறந்த சீட்டைவிட ஒன்று கூடவோ ஒன்று குறைவாகவோ உள்ள சீட்டைப் பத்திகளின் நுனியிலிருந்து எடுத்து அதன் மேல் வைக்கலாம், சின்னம் பார்க்க வேண்டியதில்லை. அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். வழி அடைத்தால் கையிலிருந்து அடுத்ததைத் திறக்க வேண்டும். 35-ம் போனால் வெற்றி.

கணக்கு எளிது. 17 திறப்பில் 35 சீட்டை எடுக்க வேண்டும், அதாவது திறப்புக்குச் சராசரியாக இரண்டுக்குச் சற்று மேல். ஒரு சீட்டுகூட எடுக்காத திறப்பு சில கட்டாயம் வரும். அதனால் வாய்ப்பு கிடைக்கும்போது நாலைந்தாக எடுத்து ஈடுகட்டியாக வேண்டும். திறந்தது 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தி நுனிகளில் 7, 9, ராஜா, ஜாக்கி, 3, 10, 2 தெரிகின்றன. 7-க்கு அடியில் 6, 9-க்கு அடியில் ராணி. கீழ்நோக்கிப் போனால் 7, அதன் அடியில் இருந்த 6, அவ்வளவுதான், இரண்டு. மேல்நோக்கிப் போனால் 9, 10, ஜாக்கி, 9 போனதால் வெளிவந்த ராணி, கடைசியாக ராஜா. ஐந்து! இதைக் கண்டுபிடிக்க நுனியை மட்டும் பார்த்தால் போதாது, அடியில் இருக்கும் சீட்டையும் பார்க்க வேண்டும். எல்லாம் திறந்தேதான் கிடக்கின்றன, அவசரப்படாமல் விரலால் ஒருமுறை வழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதல் சீட்டை எடுங்கள்.

ராஜா ஏன் கடைசியில் வந்தார் என்பதில்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. கண்டிப்பான விதிப்படி ராஜா மேல் எதையும் வைக்க முடியாது, அவரோடு ஓட்டம் நின்றுவிடும். ஏஸ் மேல் 2 மட்டும்தான் வரும், ராஜா வர முடியாது. கையில் இருக்கும் ராஜா ஒவ்வொருவரும் ஒரு திறப்பை வீணாக்குவார். அதனால் ஆட ஆரம்பிக்கும் முன் பத்திகளில் எத்தனை ராஜா என்று எண்ணுங்கள், மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது. இந்த விதியில், எல்லாச் சீட்டும் தெரிந்து ஆடும் கணினிக்கே பாதிக்குக் கொஞ்சம் குறைவான கட்டுகள்தான் முடியும். கையில் வரப்போவது தெரியாமல் ஆடும் நமக்கு அதைவிட வெகு குறைவு. இருபது முப்பது ஆட்டத்துக்கு ஒன்று முழுதாக முடிந்தால் நீங்கள் நன்றாக ஆடுகிறீர்கள்.

மருமகன் சொல்வது, ராஜாவையும் ஏஸையும் வட்டமாக இணைத்து ஆடும் முறை. அதுவும் பலர் ஆடுவதுதான், தப்பில்லை. அதில் முட்டுச்சந்தே இல்லாததால் வெற்றி மிகவும் சுலபமாகிவிடும். என்னைக் கேட்டால் கண்டிப்பான விதியிலேயே ஆடி, மைதானத்து கோல்ஃப் மாதிரி மதிப்பெண் எழுதுங்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் பத்திகளில் மிஞ்சிய சீட்டுதான் உங்கள் புள்ளி. பத்தி காலியாகி, கையில் இன்னும் சீட்டு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கழித்துக்கொள்ளலாம். ஒன்பது ஆட்டம் ஒரு சுற்று. 36 அல்லது அதற்குக் குறைவு வந்தால் அந்தச் சுற்று உங்களுடையது. பேருந்து நடுவில் வந்துவிட்டால் சீட்டை வாரிப் பையில் போட்டுக்கொண்டு, எத்தனையாவது ஆட்டம், எவ்வளவு புள்ளி என்பதை மட்டும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அங்கிருந்தே தொடரலாம்.