கூலிக் கணக்கில் குறைந்த காசு: கேள்வி பதில்

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனிக்குக் கூலி புரோகிராம் எழுதுபவர்: அக்கா, டைலருங்க நோட்டுல எழுதி வெச்ச கணக்குக்கும் எங்க புரோகிராமுக்கும் சனிக்கிழமை சம்பளத்துல ஒத்துப்போகலைங்க. ஓவர்லாக் ரேட் பீஸுக்கு 1.15 ரூபாய். 46,000 பீஸுக்கு 460 ரூபாய் குறையுது. 1.25 ரேட்டுல ஒண்ணும் மாறல. காசாக்கித்தான் கணக்குப் போடறோம், அப்பவும் ஏன்?

460 ரூபாய் என்றால் 46,000 காசு. பீஸுக்குச் சரியாக ஒரு காசு போகிறது. அதனால் கூட்டலைச் சந்தேகப்பட வேண்டாம், ரேட்டைக் காசாக்கும் வரியைப் பாருங்கள். அநேகமாக இப்படி இருக்கும்:

```python
>>> 1.15 * 100
114.99999999999999
>>> int(1.15 * 100)
114
>>> 1.10 * 100
110.00000000000001
```

புள்ளிக்குப் பின்னால் இருப்பதை `int` அப்படியே வெட்டிவிடும். ஆனால் 115 ஏன் முதலில் வரவில்லை? ஃப்ளோட் பின்னத்தை அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகத்தான் சேர்த்து வைக்கும். 1.25 ஒன்றேகால், அதற்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. 1.15-க்கு ஒன்றும் அரைக்காலும் போட்டபின் 0.025 மிச்சம் நிற்கும். அதை எத்தனை பாதிகளைச் சேர்த்தாலும் முடிக்க முடியாது. 53 பிட்டோடு நிறுத்திவிடுவதால் உள்ளே இருப்பது 1.15-ஐ விட ஒரு துளி குறைவான எண்.

1.10 ஒரு துளி கூடுதலாகச் சேமிக்கப்படுவதால் `int` போட்டாலும் 110 என்று சரியாகவே வரும். அதனால்தான் 1.10, 1.25 என்று இரண்டு ரேட்டை மட்டும் போட்டுச் சோதித்தவருக்குப் பிழை கண்ணில் படாது.

ரேட் ஃப்ளோட்டாக மாறவே விடாதீர்கள். தட்டச்சு செய்த எழுத்தை அப்படியே எடுங்கள்: `Decimal("1.15")`. மேற்கோள் குறியை விட்டுவிட்டு `Decimal(1.15)` என்று எழுதினால், அது கெட்டுப்போன எண்ணைத்தான் பத்திரமாக வாங்கி வைக்கும். இன்னொன்று, உங்கள் ஊரில் அரைக் காசு ரேட்டும் பேசுவார்கள். ரேட்டைப் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கத்தோடு வைத்து, பீஸால் பெருக்கி, கிடைத்த தொகையை ஒரே ஒரு முறை காசுக்கு முழுமையாக்குங்கள்.

ஈரோட்டிலிருந்து, பில்லிங் மென்பொருள் விற்பவர்: இதுக்கு எதுக்குங்க இவ்வளவு? `int` இருக்கற இடத்துல `round` போட்டா முடிஞ்சுது. நான் பல வருஷமா டபுள்லதான் ஓட்டறேன், ஒரு பைசா பிசகினதில்ல.

திருப்பூர்க்காரருக்கு அது போதும். `round(1.15 * 100)` 115 தரும். டபுளில் பதினைந்து இலக்கம் வரை நம்பலாம், கடைக் கணக்கில் அந்தத் துளிப் பிழை மேலே வருவதற்குள் ரவுண்ட் அதை அமுக்கிவிடும். உங்களுக்குப் பிசகாததில் ஆச்சரியமில்லை.

சிக்கல் சரியாக அரைக் காசில் நிற்கும் தொகைகளில். 5 சதவீத ஜிஎஸ்டியை மத்திக்கும் மாநிலத்துக்கும் பிரித்தால் 2.5 வீதம் வரும். அந்த வீதம் அடிக்கடி அரைக் காசில் கொண்டுபோய் நிறுத்தும். 40.20 ரூபாய்க்கு 2.5 சதவீதம் 1.005. கையால் போட்டால் 1.01 என்று எழுதுவீர்கள். `round(1.005, 2)` தருவது 1.0. உள்ளே இருப்பது 1.005-க்குக் கீழே என்பதால் அது கீழேதான் போகும். முழு எண்ணில் இந்தத் தடுமாற்றம் கிடையாது:

```python
>>> (4020 * 25 + 500) // 1000
101
```

ஒன்றைக் கவனிக்கணும். பைத்தானின் `round` சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும், `round(100.5)` என்றால் 100. டெசிமலுக்கு மாறினாலும் `ROUND_HALF_UP` என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கரூரிலிருந்து, ஜவுளிக் கடை கணக்காளர்: எங்க பில்லுலயும் இதே ஃப்ளோட் பிரச்சனைங்க. ஒவ்வொரு அயிட்டத்துக்கும் தனித்தனியா வரி போட்டா ஒரு தொகை, மொத்தத்துக்குப் போட்டா ஒரு தொகை வருது.

இது ஃப்ளோட் செய்த வேலை இல்லைங்க. பில்லில் அதே 40.20 ரூபாய் அயிட்டம் மூன்று இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரி 1.01 என்றால் மொத்தம் 3.03. மொத்தம் 120.60-க்கு ஒரே தடவை போட்டால் 3.015, அதாவது 3.02. முழுக் காசில் வைத்தாலும் இந்த ஒரு காசு வரத்தான் செய்யும். எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்து, பில், ரிட்டர்ன் இரண்டிலும் அதையே பின்பற்றுங்கள். மென்பொருள் ஆளிடம் சண்டை போட்டுப் பலனில்லை.

நாமக்கல்லிலிருந்து: நாங்க முட்டை விலையவே 435 காசுன்னுதான் பேசறோம், அப்படியே முழு எண்ணாத்தான் சேமிக்கிறோம். ஆனா மொத்த விற்பனை திடீர்னு மைனஸ்ல போயிருச்சுங்க.

பேசுகிற மாதிரியே சேமித்தது நல்ல காரியம். 4.35 என்று வாங்கி நூறால் பெருக்கியிருந்தால் 434.99999999999994 வந்திருக்கும். உங்களுடையது வேறு சிக்கல். 32 பிட் `int` தாங்குவது 2,147,483,647 வரை. காசில் அது வெறும் 2,14,74,836.47 ரூபாய். 50 லட்சம் முட்டைக்கு 435 காசு போட்டால் 217 கோடியே 50 லட்சம் காசு. அதைத் தாண்டியதும் ஜாவா சத்தமில்லாமல் −2,119,967,296 என்று காட்டும். `long`-க்கு மாற்றுங்கள், டேபிளில் `BIGINT`. ஜாவாவில் `Math.addExact`, `Math.multiplyExact` வைத்தால் அளவு மீறும்போது பிழை எறியும், மைனஸ் விற்பனையை விட அது மேல்.

கோபியிலிருந்து: காசே புழக்கத்துல இல்ல, முழு ரூபாயா வெச்சா என்ன கெட்டுப்போகும்?

கடைசித் தொகையை ரூபாய்க்கு முழுமையாக்கலாம், ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவே வரித் தொகைக்கு அதைத்தான் சொல்கிறது. ஆனால் 1.15 ரேட்டை ஒரு ரூபாயாக்கிவிட்டு டைலர் முன்னால் போய் நின்று பாருங்கள்.

கோவையிலிருந்து: Money கிளாஸ் ஒண்ணு எழுதறோம். உள்ளே `long`-ல காசா, `BigDecimal`-ஆ? டீம்ல ரெண்டு கட்சி.

நான் `long` கட்சி, ஆனால் ஏற்றுமதி விலையில் நான்கு இலக்கம் வேண்டுமென்றால் `BigDecimal`-தான் சௌகரியம். அதில் `equals` 1.10-ஐயும் 1.1-ஐயும் வேறு என்று சொல்லும், `compareTo` போடுங்கள்.

எதை வைத்தாலும், கிளாஸுக்குள் `double` வாங்கும் கன்ஸ்ட்ரக்டரே இருக்கக்கூடாது. கரன்சியையும் கூடவே வையுங்கள். நூறால் பெருக்கு என்று எழுதிவிட்டால் மூன்று இலக்கக் குவைத் தினாரும், சில்லறையே இல்லாத யென்னும் உதைக்கும். வகுத்தலுக்குப் பதில் பங்கு பிரிக்கும் மெத்தட் வையுங்கள்: 1,000 ரூபாயை மூன்று பேருக்கு என்றால் 333.34, 333.33, 333.33.

ஈரோடு, மறுபடியும்: அந்த ஒரு காசு முதல் ஆளுக்கே ஏன் போகணும்?

போகணும் என்று கட்டாயமில்லை. சிலர் வரிசைப்படி கொடுப்பார்கள், சிலர் பெரிய பங்குக்காரருக்கு. நான் வரிசைப்படிதான் வைக்கிறேன். இதே கேள்வியை ஒரு பங்குதாரர் கேட்டபோது அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை.