கண்ணாடி முகப்பில் சூரியனை எங்கே வைப்பது? (கேள்வி பதில்)

பாளையங்கோட்டையில் கட்டடங்களுக்கு 3டி படம் வரைபவன் நான். கண்ணாடி, மார்பிள் இரண்டைப் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன்.

“அண்ணாச்சி, வண்ணாரப்பேட்டையில் வரப்போகும் நான்கு மாடி ஜவுளிக்கடைக்குப் படம் வரைகிறேன். முகப்பு முழுக்கக் கண்ணாடி, கிழக்குப் பார்த்தது. சித்திரைக் காலை பத்து மணி. சூரியன் பளீரென்று அடிப்பதை எந்த மாடியில் வைக்கலாம்?”

எந்த மாடியிலும் வைக்க வேண்டாம். செங்குத்தான கண்ணாடியை எவ்வளவு அண்ணாந்து பார்க்கிறோமோ, எதிர்ப்பக்க வானத்தில் அதே உயரத்தில் இருப்பதுதான் அதில் தெரியும். கேமரா சுவரிலிருந்து 20 மீட்டர் தள்ளி, 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், சுவரின் உயரம் 14 மீட்டர் என்றும் கொள்வோம். கட்டடத்தின் உச்சியைப் பார்க்க 32 பாகை அண்ணாந்தால் போதும். சித்திரையில் பத்து மணிச் சூரியனோ 55 பாகையைத் தாண்டியிருக்கும். ஆகவே எந்தக் கண்ணாடிப் பலகையிலும் அது தெரியாது. எட்டரை மணிக்கு முன்பு என்றால் தெரியலாம்.

அந்த வெயில் கண்ணாடியில் பட்டு எங்கே போகிறது? கீழே, சுவரிலிருந்து சுமார் பத்து மீட்டருக்குள் நடைபாதையில் விழுகிறது. சூடேற்றி வலுவூட்டிய கண்ணாடி மிக லேசாக அலை பாய்ந்திருக்கும் என்பதால், தரையில் விழும் வெளிச்சமும் நெளிந்த திட்டுகளாகவே இருக்கும். அந்தத் திட்டுகளை வரையுங்கள், வெயில் தானாக வந்துவிடும்.

எதிர்க்கட்டடத்தையும் கவனியுங்கள். 9 மீட்டர் உயரக் கட்டடம் உங்கள் கண்ணாடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றால், அதே கேமராவுக்கு அதன் மொட்டைமாடி விளிம்பு கண்ணாடியில் நாலரை மீட்டர் உயரத்தில்தான் தெரியும். அதற்கு மேல் முழுக்க வானம். பலரும் எதிர்க்கடையை மூன்றாம் மாடி வரை ஏற்றிவிடுகிறார்கள். படம் பொய்யாகத் தெரிவது அங்கேதான்.

“படம் வரைபவருக்கு நான் குறிப்பு எழுதி அனுப்புகிறேன். ‘பளபளக்கும் கண்ணாடி’ என்று எழுதினால் போதாதா?”

அந்தச் சொல்லைப் படித்தவுடன் அவர் ஒளிக்கீற்றைத் தூவிவிடுவார். அதை அடித்துவிட்டு, எதிரே என்ன நிற்கிறது, எவ்வளவு தூரத்தில், என்ன நேரம், உள்ளே விளக்கு எரிகிறதா என்று எழுதுங்கள். இன்னொரு வரியும் சேருங்கள்: “பலகைகள் ஒரே சமதளத்தில் இல்லை, எதிர்க்கட்டடத்தின் விளிம்புக்கோடு ஒவ்வொரு சட்டத்தையும் கடக்கும்போது சற்றே மேலும் கீழுமாக முறிகிறது.” பத்துப் பலகையிலும் கோடு நூல் பிடித்ததுபோல ஓடினால், அது ஒரே கண்ணாடியின் மேல் சட்டம் வரைந்ததாகத்தான் தெரியும்.

“மென்பொருளில் Glare எவ்வளவு வைக்க வேண்டும்?”

பூஜ்யம்.

“வெள்ளை மார்பிள் தரை. Roughness அளவை 0 ஆக வைத்தேன், கூடம் குளமாகிவிட்டது. வாடிக்கையாளர் முகம் பார்க்கும்படி வேண்டும் என்கிறார்.”

மார்பிள் காலடியில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பும். தூரத்தில் பார்வை சாயச் சாய அந்தப் பங்கு ஏறும். அதனால் கூடத்தின் கடைசியில் ஜன்னல் தரையில் நன்றாக இறங்கித் தெரிய வேண்டும், காலடியில் கல்லின் ரேகைதான் தெரிய வேண்டும். Metallic 0 ஆகவே இருக்கட்டும். Roughness 0.1 இல் தொடங்கிப் பாருங்கள். கல் சேருமிடத்தில் ஜன்னலின் பிம்பம் துளி விலகட்டும்.

“நான் தென்காசியில் தரை பாலிஷ் போடுபவன். காலடியிலேயே முகம் தெரிய மெருகேற்றியிருக்கிறேன். நீங்கள் சொல்வது தவறு.”

கறுப்புக் கிரானைட்டாக இருக்குமே?

“கிரானைட்டும் உண்டு. வெள்ளை மார்பிளிலும் பார்த்திருக்கிறேன்.”

கறுப்பில் உங்கள் கட்சி சரி. கறுப்புக் கல்லும் ஏறக்குறைய அதே ஐந்து பங்கைத்தான் திருப்புகிறது. ஆனால் அதன் சொந்த நிறம் குறுக்கே வராததால் முகம் தெரிகிறது. வெள்ளைக் கல் தன் வெளிச்சத்திலேயே அதை மூழ்கடித்துவிடும்.

“குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வெள்ளைத் தரைதான், குத்துவிளக்கின் சுடர் காலடியிலேயே தெரியும். அவர் சொல்வதுதான் சரி.”

சுடர் தெரியும். சுடரின் நூற்றில் ஐந்து பங்கே கண்ணுக்குப் போதும். விளக்கேற்றுபவரின் சேலைக் கரை தெரிகிறதா என்று பாருங்கள்.

“மாலையில் மற்ற விளக்குகளை அணைத்தால் அதுவும் தெரியும், அண்ணாச்சி. பாலிஷ் போட்ட கைக்குத் தெரியாததா?”

அரையிருட்டில் கல்லின் சொந்த வெளிச்சம் குறையும் என்பது உண்மைதான். முகம் தெளிவாகத் தெரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. படம் பிடித்து அனுப்புங்கள், பார்க்கலாம்.

“ஜவுளிக்கடைக்கு இரவுப் படம் என்றால் Glare போடலாம்தானே?”

மூன்றாவது கேள்வியைப் பாருங்கள். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் கண்ணாடி ஏறக்குறைய மறைந்துபோகும். தெருவிளக்கும் வண்டி விளக்கும் மட்டும் அதில் புள்ளிகளாக நிற்கும். சேலை அடுக்கைச் சிரத்தையாக வரையுங்கள்.

“எங்கள் வீட்டு மார்பிளில் எலுமிச்சைச் சாறு கொட்டி மங்கிவிட்டது. என்ன செய்வது?”

புளிப்பு கல்லை அரித்துவிட்டது. துடைத்தால் போகாது, மறுபடி மெருகேற்ற வேண்டும். மேலே என்னோடு மல்லுக்கு நிற்கும் தென்காசிக்காரரைக் கேளுங்கள்.