‘சீசன் வரட்டும் தம்பி’: இரண்டு மாதப் பாக்கியைக் கேட்டு எழுதுவது எப்படி?

கேள்வி: திருகோணமலையில் ஏசி வேலை செய்கிறேன். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் எட்டு அறைகளுக்கு சேர்விஸ் செய்து, இரண்டில் கம்பிரசரும் மாற்றிக் கொடுத்தேன். பில் 186,500 ரூபா. ஜனவரி 22 இல் கொடுத்தேன், பெப்ரவரி 5 க்குள் தருவதாகப் பேச்சு. இப்போது ஏப்ரல் தொடங்கிவிட்டது. கேட்டால் “சீசன் வரட்டும் தம்பி” என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். அண்ணா என்று பழகிய மனிதர், வருடாவருடம் வேலை தருபவர். முகம் முறியாமல், ஆனால் கறாராக ஒரு கடிதம் எழுத வேண்டும். பொலிஸுக்குப் போவேன் என்று ஒரு வரி சேர்க்கலாமா?

பதில்: பொலிஸ் வரியை எடுத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், உங்களுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரத்தைப் பார்ப்போம்.

வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவைச் சொல்வது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நாங்கள் ‘பிரிஸ்கிரிப்ஷன்’ என்று சொல்வது இதைத்தான். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் விற்றுக் கொடுத்த சாமானுக்கும், கடைப் பற்றுக்கும், செய்து கொடுத்த வேலைக்கும் அதன் 8ஆம் பிரிவு தருவது ஒரே ஒரு வருடம்தான், அதுவும் காசு தர வேண்டிய நாளிலிருந்து. உங்கள் வேலை நேராக இதற்குள் விழுகிறது. அதாவது அடுத்த வருடம் பெப்ரவரி தொடக்கத்தோடு கதவு மூடிவிடும். அவர் கையெழுத்திட்ட கொட்டேஷன் உங்களிடம் இருந்தால் ஆறு வருடம் என்று வாதாடிப் பார்க்கலாம். ஆனால் வாதாட வேண்டிய ஒன்றை நம்பிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், ஒரு வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த வொய்ஸ் மெசேஜ். பத்துத் தடவை “தாறன்” என்று குரலில் சொல்லியிருந்தாலும் இந்தக் கடிகாரம் நிற்காது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு வாய்ச்சொல்லை ஏற்பதில்லை. கடனை ஒப்புக்கொள்வது எழுத்தில், கடன்பட்டவரோ அவரது முகவரோ ஒப்பமிட்டதாக இருக்க வேண்டும். கடனில் ஒரு பகுதியைச் செலுத்தினால் அதுவும் செல்லும். வொய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள், வேறு விதத்தில் சாட்சியமாக உதவும். ஆனால் உங்கள் கடிதம் தேட வேண்டியது அவரிடமிருந்து ஒரு கையெழுத்தை.

பேச்சில் அவரை அண்ணா என்றே அழையுங்கள், அதை மாற்றத் தேவையில்லை. கடிதத்தில் மட்டும் பில் யார் பெயரில் போட்டீர்களோ அந்தப் பெயரையே எழுதுங்கள். விடுதியைக் கம்பனி ஒன்று நடத்துகிறது என்றால், கம்பனிக்குப் போட்ட பில்லுக்கு அவரைத் தனியாளாகக் கேட்டு எழுதுவது பின்னால் தலைவலி. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“ஏப்ரல் 7
மதிப்புக்குரிய ஐயா,
உங்கள் விடுதியின் எட்டு அறைகளின் ஏசி சேர்விஸ் வேலையையும் இரண்டு கம்பிரசர்கள் மாற்றும் வேலையையும் ஜனவரி 20 இல் முடித்துக் கொடுத்தோம். வேலைத்தாளில் உங்கள் முகாமையாளர் ஒப்பமிட்டிருக்கிறார். அதற்கான 186,500 ரூபா பில் பெப்ரவரி 5 க்குள் செலுத்தப்பட இருந்தது. இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.
வேலையிலோ தொகையிலோ ஏதும் குறை இருந்தால் ஏப்ரல் 21 க்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள், உடனே வந்து பார்க்கிறோம். குறை இல்லையென்றால் அதே நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். தவணையாகத் தருவது வசதி என்றால், திகதிகளை எழுதி ஒப்பமிட்டு அனுப்புங்கள்.
அந்த நாளுக்குள் இரண்டும் நடக்காவிட்டால் மத்தியஸ்த சபையில் விண்ணப்பிக்க வேண்டிவரும். அது நேராமல் முடியும் என்று நம்புகிறோம்.”

திகதிகளையும் முகாமையாளர் கதையையும் உங்கள் வேலைத்தாளைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வேலைத்தாள் இல்லாமல் அந்த வசனத்தைப் போட வேண்டாம். இரண்டு வாரம் கொடுத்ததற்குக் காரணம் இடையில் புத்தாண்டு வருவதுதான். வங்கி பூட்டியிருந்தது என்ற சாக்குக்கு இடம் வைக்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தின் உயிர் ‘குறை இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள்’ என்ற வசனத்தில் இருக்கிறது. படிப்பவருக்கு அது பணிவு. ஆனால் வியாபாரக் கடிதம் ஒன்றில் சொன்ன விஷயத்தை மறுக்க வேண்டியவர் மறுக்காமல் பேசாதிருந்தால், அதை அவர் ஒப்புக்கொண்டதாக எடுக்கலாம் என்பது சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கிலிருந்து நம் நீதிமன்றங்கள் சொல்லிவருவது. எப்போதும் அப்படி என்றில்லை, சூழ்நிலையைப் பார்ப்பார்கள். ஆனாலும் ஆறு மாதம் கழித்து “ஏசி சரியாகக் குளிரவில்லை” என்று தொடங்கினால், “அப்ப ஏன் ஏப்ரலில் சொல்லவில்லை?” என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. அதனால் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் பெற்றவரின் ஒப்பமும் திகதியும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம் கூடவே போகட்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இருப்பதால் மின்வடிவத் தகவல் சாட்சியமே இல்லை என்று யாரும் தள்ள முடியாது.

இப்போது பொலிஸ். வாங்கிய வேலைக்குக் காசு தராதது பொதுவாகச் சிவில் கடன். மோசடி என்று சொல்ல, தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். வருடாவருடம் காசு தந்த மனிதரிடம் அதை எப்படிக் காட்டுவீர்கள்? வெறுமனே மிரட்டினால், மிரட்டல் கடிதம் என்று அவர் உங்கள் மேல் முறைப்பாடு கொடுக்க வழிசெய்கிறீர்கள். பேஸ்புக்கில் விடுதியின் பெயரைப் போடுவதும் அப்படித்தான். பேசாத வட்டியையும் சேர்க்க வேண்டாம். வழக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து சட்ட வட்டியை நீதிமன்றம் தர முடியும், அதற்கு முன்பு நீங்களாகப் போடும் 5 வீதம் கடிதத்தின் மதிப்பைத்தான் குறைக்கும்.

இன்னொன்று: சிலர் தலைப்பில் ‘வித்அவுட் பிரிஜுடிஸ்’ என்று போட்டுவிடுகிறார்கள், கடிதம் கம்பீரமாக இருக்கட்டும் என்று. அது சமரசப் பேச்சுக்கான சொல். நாளைக்கு நீதிமன்றத்தில் காட்டப்போகும் நினைவூட்டலில் அதைப் போட்டால், ‘இதைக் காட்டக்கூடாது’ என்று நீங்களே வாசலில் எழுதி ஒட்டினாற்போல.

கடிதம் கண்டதும் அவர் 50,000 தந்தால் வாங்குங்கள். ரசீதில் ‘இந்தப் பில்லின் பகுதிக் கொடுப்பனவு, மிகுதி 136,500’ என்று எழுதி, அவரிடமும் ஒப்பம் வாங்குங்கள். பகுதிக் கொடுப்பனவு என்பதால் ஒரு வருடக் கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். ‘முழுக் கணக்கும் தீர்ந்தது’ என்று அவர் எழுதித் தரும் காசோலையை மட்டும் என்னைக் கேட்காமல் வங்கியில் போடாதீர்கள்.

21ஆம் திகதி வரை எந்தச் சத்தமும் இல்லையென்றால், மத்தியஸ்த சபை. ஊரில் இணக்கசபை என்பார்கள். உங்கள் தொகை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் அங்கே போய்த்தான் ஆக வேண்டிய வரம்புக்குள் இருக்கிறது. இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் மாவட்ட நீதிமன்றம் வழக்கை எடுக்காது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. பில், வேலைத்தாள், இந்தக் கடிதம், தபால் ரசீது நான்கையும் ஒரு கோப்பில் கொண்டுபோனால் போதும். சபையில் அழைப்பு, ஒத்திவைப்பு என்று நாள் இழுபடும், ஆகவே சீசன் முடியட்டும் என்று நீங்களும் காத்திருக்காமல் மே மாதத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.